குரோதியில் பிறந்த பிள்ளை: இந்த அறுபது பெயரையும் வைத்தது யார்?

மேலவீதி | 15 ஏப்ரல் 2025, இரவு 10:40

பங்குனி உத்திரத்தன்று, 11ஆம் தேதி, பையன் பிறந்தான். தாயும் சேயும் நலம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அத்தை முதல் கேள்வியாக, "மூணு நாள் தள்ளிப் பொறந்திருக்கக் கூடாதா? குரோதி வருஷத்துப் பிள்ளை, கோபக்காரனா இருப்பான்" என்றார். தள்ளிப் பிறந்திருந்தால் விசுவாவசுவாம், யோகமாம்.

எனக்கு ஜாதகத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த வார்த்தை மனதில் மாட்டிக்கொண்டது. குரோதி, துன்மதி, ராட்சச என்றெல்லாம் ஒரு வருடத்துக்கு யாராவது பெயர் வைப்பார்களா? யார் வைத்தது, எதைப் பார்த்து வைத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெருப்புக்கோழி | 15 ஏப்ரல், இரவு 11:05

நாரதர் பெண்ணாகி, கிருஷ்ணனோடு வாழ்ந்து பெற்ற அறுபது பிள்ளைகளின் பெயர்தான் இவை. நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ்க் கலைக்களஞ்சியத்திலேயே இருக்கிறது. இதை வைத்துத்தான் "இது தமிழ் வருஷமா?" என்று மேடையில் கேட்டார்கள். அறுபதில் ஒன்றாவது தமிழ்ப் பெயரா என்று பாருங்கள். அதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு?

சனிமூலை | 16 ஏப்ரல், காலை 6:15

கதையை விடுங்கள். கணக்கு எளிது. குரு ஒரு சுற்று வர 12 வருடம், சனிக்கு 30 வருடம். இரண்டும் புறப்பட்ட இடத்தில் மறுபடி சேர 60 வருடம். அதனால்தான் அறுபது, அறுபதாம் கல்யாணமும் அதனால்தான்.

கல்லெழுத்து | 16 ஏப்ரல், மதியம் 1:20

மூவருக்கும் சேர்த்துப் பதில். கொஞ்சம் நீளும்.

நாரதர் கதை பெயர்களுக்குப் பின்னால் வந்தது. பட்டியல் முதலில் இருந்தது, அது எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்குப் பிறகு ஒருவர் கதை கட்டினார். கதையைக் கிண்டல் செய்யலாம், ஆனால் அதனால் பட்டியலின் பிறப்பு தெரிந்துவிடாது. பெயர்கள் வடமொழி என்பது சரி, அதில் சண்டையே இல்லை.

சனிமூலை சொல்வது பாதி சரி. குரு ஐந்து சுற்று வர 59.3 வருடம், சனி இரண்டு சுற்று வர 58.9 வருடம், அறுபதுக்குப் பக்கம்தான். ஆனால் பழைய நூலில் சனிக்கு இடமே இல்லை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் இந்த அறுபது பெயரும் இருக்கின்றன. எந்த அதிகாரத்தில்? குருவின் நடையைச் சொல்லும் அதிகாரத்தில். அங்கே இவை அறுபதாக நிற்கவில்லை, ஐந்தைந்தாகப் பன்னிரண்டு கட்டாக நிற்கின்றன. ஐந்து வருடத்தை ஒரு யுகமாக எண்ணுவது வேதகால வழக்கம். பன்னிரண்டு, குரு ராசிச் சக்கரத்தைச் சுற்றும் கணக்கு. இரண்டையும் பெருக்கினால் அறுபது.

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தேவதை உண்டு. முதல் ஐந்துக்கு விஷ்ணு: பிரபவ (தோற்றம்), விபவ (செழிப்பு), சுக்ல (வெண்மை), பிரமோதூத (மகிழ்ச்சி), பிரசோற்பத்தி (மக்கட்பேறு). தொடர்ச்சியாக வாசித்தால் ஒரு உலகம் பிறந்து வளர்வது தெரியும். எல்லாக் கட்டும் இப்படி அழகாக அமைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் சில இடங்களில் ஓசைக்காக அடுக்கியது போலத்தான் இருக்கிறது. ஹேவிளம்பி, விளம்பி, விகாரி என்று சொல்லிப் பாருங்கள், புரியும்.

சனிமூலை | 16 ஏப்ரல், மதியம் 2:02

நூலில் எழுதவில்லை என்றால் அவர்களுக்குத் தெரியாது என்று ஆகிவிடாது. சனியின் கணக்கும் அவர்கள் கையில் இருந்ததுதானே?

கல்லெழுத்து | 16 ஏப்ரல், மதியம் 2:30

இருந்தது. ஆனால் பெயர் வைத்தவர்கள் அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

வடக்குத்தெரு ஆச்சி | 16 ஏப்ரல், இரவு 9:10

வருஷப் பெயர் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், ஒரு உதவி. எங்கள் வீட்டில் ஒரு பழைய நிலப் பத்திரம் இருக்கிறது, எந்த வருஷம் என்று சொல்ல வேண்டும். "பிரமாதி" வரைக்கும் எழுத்து இருக்கிறது, அடுத்து ஒரு பூச்சி ஓட்டை, அப்புறம் ௵. ஆவணி௴ 12௳ என்று தெளிவாக இருக்கிறது. கிழமை இருந்த இடமும் போச்சு. வீட்டில் ஒருத்தர் 1879 என்கிறார், இன்னொருத்தர் 1913 என்கிறார். பங்காளிகளுக்குள் இதனால் பேச்சு நின்றிருக்கிறது.

மேலவீதி | 16 ஏப்ரல், இரவு 9:25

ஆச்சி, நான் கேட்டது வேறு. இருந்தாலும் எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

கல்லெழுத்து | 17 ஏப்ரல், காலை 8:50

ஆச்சி கேட்டது வேறு இல்லை, அதே பட்டியலில் இருக்கும் ஒரு பொறி. பிரமாதி 13ஆவது, கடைபவன், கலக்குபவன் என்று பொருள். பிரமாதீச 47ஆவது, அதன் மூலம் 'பிரமாதின்', மறதிக்காரன், கவனக்குறைவானவன். வடமொழியில் தகரம் வேறு வேறு, தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். ஓட்டைக்குள் "ச" இருந்ததா என்பதுதான் உங்கள் வழக்கு. 13க்கும் 47க்கும் நடுவே 34 வருடம். 1867 பிரபவ என்று வைத்து எண்ணினால் 1879 பிரமாதி, 1913 பிரமாதீச. இரண்டு பேருமே சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

கிழமை இருந்திருந்தாலும் ஏமாந்திருப்போம். 34 சூரிய வருடத்தில் கிழமை ஏறக்குறைய ஒரு நாள்தான் நகரும். மாதப் பிறப்பை ஒரு நாள் முன்பின் எழுதுவது அந்தக் காலத்தில் சாதாரணம், அதனால் அதை நம்ப முடியாது. ஆனால் நிலா அப்படி இல்லை. 34 வருடத்தில் நிலா 420 மாதமும் அரை மாதமும் ஓடிவிடும். அதாவது ஒன்றில் வளர்பிறை என்றால் மற்றதில் தேய்பிறை. 1879 ஆகஸ்ட் 17 வாக்கில் அமாவாசை, ஆவணி 12 அதற்குப் பத்து நாள் கழித்து வருகிறது, எனவே வளர்பிறை. 1913இல் ஆகஸ்ட் 31 அமாவாசை, அந்த வருடத்து ஆவணி 12 அதற்கு மூன்று நான்கு நாள் முந்தி, தேய்பிறை. பத்திரத்தில் "பூர்வபட்சம்" அல்லது "அமரபட்சம்" என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். பூர்வம் என்றால் 1879.

நெருப்புக்கோழி | 17 ஏப்ரல், காலை 9:04

நிலாவை எல்லாம் எதற்குக் கூப்பிடுகிறீர்கள்? முத்திரைத்தாளில் ராணி தலையா ராஜா தலையா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வடக்குத்தெரு ஆச்சி | 17 ஏப்ரல், மாலை 6:30

ராணி.

கல்லெழுத்து | 17 ஏப்ரல், மாலை 6:41

நெருப்புக்கோழி அய்யாவுக்கு ஒரு கும்பிடு. 1913இல் ஐந்தாம் ஜார்ஜ். அரை மணி நேரம் கணக்குப் போட்ட நான் வாய்மூடிக்கொள்கிறேன். (பட்சம் இருந்தால் அதையும் சொல்லுங்கள் ஆச்சி, என் கணக்கைச் சரிபார்க்க ஆசை.)

ஏரிக்கரை | 18 ஏப்ரல், இரவு 8:15

சேலம் பக்கம் எங்கள் பாட்டி எதற்கெடுத்தாலும் "தாது வருஷத்துல எங்க ஆத்தா பட்ட பாடு" என்பார். 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம். மழை பொய்த்து, அந்த வருடமும் அடுத்த வருடமும் மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். தாது என்றால் என்ன பொருள் என்று இப்போது தேடினேன். 'தாத்ரு', படைத்துக் காப்பவன். காப்பவன் பெயர் கொண்ட வருடம்தான் எங்கள் ஊரில் பஞ்சத்துக்கே பெயராகிவிட்டது. மேலவீதி, உங்கள் அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்.

மேலவீதி | 18 ஏப்ரல், இரவு 8:50

சொன்னேன். "அதுக்கு வெண்பாவுலயே எழுதியிருக்கும் பாரு" என்று பஞ்சாங்கத்தை எடுத்து வந்துவிட்டார். ஒவ்வொரு வருடத்துக்கும் இடைக்காடர் பாட்டு என்று ஒன்று முதல் பக்கத்தில் இருக்கிறதே, அது பழையதா?

கல்லெழுத்து | 19 ஏப்ரல், காலை 7:10

சங்க இடைக்காடர் இல்லை என்பது மொழியைப் பார்த்தாலே தெரியும். மழை இருக்கும், விளைச்சல் குறையும், அரசர்க்குள் பகை வரும் என்ற அளவில்தான் பலனும் இருக்கிறது. எந்த வருடத்துக்கு எடுத்து ஒட்டினாலும் எங்காவது ஒரு ஊரில் பலித்துவிடும்.

பெயரின் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. நம் வாயில் விழுந்து சில பெயர்கள் வேறு ஆளாகிவிட்டன. 46ஆவது பரிதாபி. இதைக் கேட்டால் பரிதாபம் நினைவுக்கு வருகிறதல்லவா? மூலம் 'பரிதாவின்', சுற்றி ஓடுபவன். பரிதாபத்துக்கும் அதற்கும் உறவு இல்லை. 20ஆவது விய, 'வியய', செலவு. 50ஆவது நள. தமயந்தியின் நளன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், சில பட்டியல்களில் அது அனல, நெருப்பு. அந்தப் பத்தாவது கட்டுக்குத் தேவதை இந்திரனும் அக்கினியும், எனவே அனல என்பதுதான் பொருந்துகிறது. வடமொழியில் "ராட்சஸோனல" என்று சேர்த்துச் சொன்னால் அகரம் விழுங்கப்பட்டுவிடும், பிரிப்பவர் நளன் என்றும் பிரிக்கலாம். நளன் அங்கே இப்படித்தான் நுழைந்திருப்பான் என்பது என் ஊகம்.

நெருப்புக்கோழி | 19 ஏப்ரல், மதியம் 12:20

அதனால்தான் தூய தமிழில் பெயர் வைத்தார்கள். பிரபவவுக்கு நற்றோன்றல், சுக்லவுக்கு வெள்ளொளி. சொல்லவே இனிமையாக இல்லையா?

கல்லெழுத்து | 19 ஏப்ரல், மதியம் 1:00

அந்த இரண்டும் இனிமை, பொருளும் சரி. அடுத்த வருடம் வருகிற பராபவவைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் அது அருட்டோற்றம். வடமொழியில் பராபவம் என்றால் தோல்வி, அழிவு. 'பரா' தனி, 'பவ' தனி என்று பிரித்து, பரம்பொருளின் தோற்றம் என்று கொண்டார்களோ என்னவோ. பிலவங்க, துள்ளிப் போவது, அதாவது குரங்கு. அதை நச்சுப்புழை ஆக்கியிருக்கிறார்கள், எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

நெருப்புக்கோழி | 19 ஏப்ரல், மதியம் 1:08

தோல்வியை அருளாக்கியது நல்ல காரியம்தானே. 2026இல் பிறக்கும் பிள்ளைகளின் அத்தைகள் வாயடைப்பார்கள்.

மேலவீதி | 21 ஏப்ரல், இரவு 11:30

புதுக் குழப்பம். என் மாமியார் நெல்லூர்க்காரர். அத்தையின் பேச்சு காதில் விழுந்து, "ஏம் குரோதி? உகாதி மார்ச் 30க்கே முடிஞ்சுது. பிள்ளை விசுவாவசுதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். ஒரே பிள்ளை, ஒரே நாள். இரண்டு வருடத்தில் எப்படிப் பிறக்கும்?

கல்லெழுத்து | 22 ஏப்ரல், மதியம் 2:15

இரண்டு இல்லை, மூன்று.

நமக்கு சூரியன் மேஷத்தில் நுழையும்போது வருடம் பிறக்கிறது, இந்த முறை ஏப்ரல் 14. ஆந்திரத்திலும் கன்னடத்திலும் பங்குனி அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. பட்டியலும் வரிசையும் ஒன்றுதான், கதவு திறக்கும் நாள்தான் வேறு. எனவே ஏப்ரல் 11 இங்கே குரோதி, நெல்லூரில் விசுவாவசு. மாமியார் சொன்னது சரி, அத்தை சொன்னதும் சரி.

மூன்றாவது காசி. அங்கே அதே ஏப்ரல் 11 சித்தார்த்தி வருடம், 53ஆவது பெயர். எடுத்த காரியம் முடித்தவன் என்று பொருள். விசுவாவசு 39ஆவது. அதற்கும் காசியின் 53க்கும் பதினான்கு பெயர் இடைவெளி.

இது ஏன் என்பதில்தான் இந்த இழையின் முதல் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. இந்தப் பெயர்கள் சூரிய வருடத்துக்கு வைத்தவையே இல்லை. குரு சராசரி நடையில் ஒரு ராசியைக் கடக்கும் காலத்துக்கு வைத்தவை. அந்தக் காலம் 361 நாள். நம் வருடம் 365¼ நாள். வருடத்துக்கு நாலேகால் நாள் குரு முந்திக்கொள்கிறார். இப்படி 85 வருடம் போனால் அவர் ஒரு முழுப் பெயரே முந்தியிருப்பார். வடக்கே அந்தக் கணக்கை விடாமல், 85 வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெயரைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். தாண்டப்பட்டதற்கு க்ஷய வருடம் என்று பெயர். தெற்கே தாண்டுவதை விட்டுவிட்டோம். பெயர் சூரியனோடு ஒட்டிக்கொண்டது, குரு தன் வழியில் போய்விட்டார். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 823இலிருந்து 908 வரை இரண்டு பக்கமும் ஒரே பெயர் வருகிறது. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து இன்று பதினான்கு. அந்தக் காலத்தில் தென்னாட்டில் கூடி முடிவெடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆக "குரோதி வருஷத்துப் பிள்ளை" என்று சொல்ல ஒரு கிரகம் வேண்டுமென்றால், அந்தக் கிரகமே குரோதியில் இல்லை.

சனிமூலை | 22 ஏப்ரல், மாலை 5:40

யார் கூடினார்கள், எந்த ஊரில்? கல்லெழுத்து சார், நீங்களும் நாரதர் கதை மாதிரி ஒன்று கட்டுகிறீர்கள்.

கல்லெழுத்து | 23 ஏப்ரல், காலை 6:55

வாங்கிக்கொள்கிறேன். கூடி முடிவெடுத்ததாக எந்தக் கல்லிலும் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரிவு எப்போது தெரிகிறது என்பது கணக்கு, ஏன் பிரிந்தது என்பது நம் ஊகம். 85 வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெயர் காணாமல் போவது கணக்குப்பிள்ளைக்குத் தலைவலி, அதனால் மெல்ல விட்டிருப்பார்கள்.

முன்பு தெற்கிலும் தாண்டினார்கள் என்பதற்குச் சான்று ஒன்று தருகிறேன். வாதாபிக்குப் பக்கத்தில் மகாகூடத்தில் சாளுக்கிய மங்கலேசன் நாட்டிய தூண். அவனுடைய ஐந்தாம் ஆட்சியாண்டு, சித்தார்த்த வருடம், வைகாசிப் பௌர்ணமி என்கிறது கல். அது 602 என்று கொள்கிறார்கள். இன்றைய நம் பட்டியலைப் பின்னோக்கி எண்ணுங்கள்: 1987 பிரபவ, 23 சுற்று பின்னால் போனால் 607 பிரபவ, அப்படியானால் 602 துந்துபி, 56. கல்லில் இருப்பது 53. மூன்று பெயர் குறைகிறது. 602க்கும் 823க்கும் நடுவே எத்தனை முறை தாண்டியிருக்க வேண்டும்? மூன்று முறை.

ஏரிக்கரை | 23 ஏப்ரல், காலை 9:30

602 என்று எப்படித் தெரியும்? அந்தக் கல்லில் சக ஆண்டு இருக்கிறதா?

கல்லெழுத்து | 23 ஏப்ரல், இரவு 10:20

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். இல்லை. அந்தப் பெயரையும் பௌர்ணமியையும் வைத்து, குருவின் கணக்குப்படிதான் 602 என்று கண்டார்கள். அதே கல்லை அதே கணக்குக்குச் சான்றாக நான் காட்டியது வட்டம்தான். தாண்டாத கணக்கை வைத்தால் 599 வரும், மங்கலேசன் மூன்று வருடம் முந்திப் பட்டமேறியிருப்பான். அதை மறுக்க வேறு சான்று வேண்டும். 602ஐத்தான் நான் நம்புகிறேன், ஆனால் நேற்று சொன்ன அழுத்தத்தோடு இல்லை.

நம் பக்கத்துக்கு ஒன்று. பல்லவர், சோழர் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், "கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு" என்று அரசனின் ஆட்சியாண்டுதான் வரும், பிரபவ விபவ வராது. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில்தான் சகாப்தத்தோடு இந்தப் பெயர் வழக்கமாக வருகிறது. ராஜராஜனிடம் போய் "இது என்ன வருஷம்?" என்று கேட்டிருந்தால் தன் ஆட்சியாண்டைத்தான் சொல்லியிருப்பான்.

நெருப்புக்கோழி | 23 ஏப்ரல், இரவு 10:31

இதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்!

கல்லெழுத்து | 23 ஏப்ரல், இரவு 10:44

முடிவைச் சொன்னீர்கள். காரணம் நாரதர் என்றீர்கள்.

பனிமலை | 27 ஏப்ரல், மாலை 4:10

தாமதமாக வருகிறேன். லடாக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். திபெத்தியர்களுக்கும் அறுபது வருடச் சுற்று உண்டு, பேர் ரப்ஜுங். மர-எலி, நெருப்பு-முயல் என்று சொல்வது சீன வழி, அது பத்தும் பன்னிரண்டும் சேர்ந்த வேறு கணக்கு. ஆனால் ரப்ஜுங் என்ற சொல்லே 'பிரபவ'வின் மொழிபெயர்ப்பு, நன்றாகத் தோன்றியது. காலச்சக்கர தந்திரத்தோடு இந்தியாவிலிருந்து போனது. முதல் ரப்ஜுங் 1027இல் தொடங்குகிறது. உங்கள் பட்டியலில் 1027 என்ன?

கல்லெழுத்து | 27 ஏப்ரல், இரவு 9:00

1987இல் பதினாறு சுற்றைக் கழித்தால் 1027. பிரபவ! அங்கேயும் தாண்டவில்லை. காசி நடுவில் இருக்க, லாசாவும் தஞ்சாவூரும் ஒரே பெயரில் நிற்கின்றன. இது எனக்குத் தெரியாமல் இருந்தது, நன்றி.

வடக்குத்தெரு ஆச்சி | 4 மே, காலை 11:15

பத்திரத்தின் பின்பக்கம் மடிப்பில் "பூர்வ" என்று நாலு எழுத்து... இல்லை, மூன்று எழுத்து இருக்கிறது. பேரன் போன் விளக்கு அடித்துக் காட்டினான். பங்காளிகள் இன்னும் பேசவில்லை.

மேலவீதி | 11 மே, இரவு 10:05

நேற்று ஜாதகம் எழுதினோம். ஜோசியரிடம் காசி, நெல்லூர் எல்லாம் எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த ஊர்ல பிள்ளை பெத்தீங்க?" என்றார். கும்பகோணம் என்றேன். மஞ்சள் தடவிய நோட்டில் குரோதி௵ பங்குனி௴ 28௳ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாமியார் அதை வாங்கி, பென்சிலால் ஓரத்தில் சின்னதாக விசுவாவசு என்று எழுதி வைத்திருக்கிறார். அத்தை இன்னும் பார்க்கவில்லை.